“சாப்பிடலை, டீ மட்டும்தான் குடிச்சேன்”

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், ரத்தப் பரிசோதனை முகாமுக்கு முந்தைய வாரம் நடந்த கூட்டத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம். அடுத்த முகாமுக்கும் இதுவே பொருந்தும்.)



நம்ம வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு செய்தி போட்டிருந்தார். “ஞாயிறு காலை 6.30 முதல் 8.30 வரை ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவும்.” அவ்வளவுதான் செய்தி. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஊசி பிடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். “வெறும் வயிறு” என்ற இரண்டு சொல்லை நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொள்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரத்தம் எடுக்கும் முன் எல்லோரையும் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பேன். “இல்லீங்க” என்பார்கள். எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போது, “காலையில ஒரு டீ குடிச்சதுதான், பசி கண்ணைக் கட்டுது” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு, இல்லாவிட்டால் இட்லி தோசை. டீ அந்தக் கணக்கில் வராது. அதன் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். “கடைசியா வாய்க்குள்ள என்ன போச்சு, எத்தனை மணிக்கு?” இப்படிக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும். ஞாயிறு காலை உங்களிடமும் இதைத்தான் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு டீயில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்காக என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா வீட்டு அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தெருமுனைக் கடையில் ஒரு டீ, பிறகு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு நடை. இது அவருக்குப் பல வருடப் பழக்கம். ஒருநாள் வழக்கம்போல் டீ குடித்துவிட்டு நேரே ஒரு லேபுக்குப் போய், ஆறு மணி வாக்கில் ரத்தம் கொடுத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் “ஃபாஸ்டிங்” என்று போட்டு 148 என்று வந்தது.

மருத்துவர் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குள் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் என்றால், மறுமுறையும் பார்த்து, சர்க்கரை நோய் என்று உறுதி செய்வார்கள். ஏற்கனவே மாத்திரை போடுகிறவருக்கு 148 என்றால் மருந்து போதவில்லை என்று பொருள். அதனால் கிளிமிபிரைடு என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. சீட்டு சரியாக இருந்திருந்தால் அது சரியான வைத்தியம்தான்.

பத்து நாள் கழித்து அத்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தார். மணி பதினொன்றரை. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனிதர். உட்கார வைத்து, அங்கே யாரிடமோ இருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் தப்பினார். அந்த நேரத்தில் அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மருகுவாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பழைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அத்தான், அன்னைக்கு ரத்தம் குடுக்கப் போறதுக்கு முன்னால ஏதாவது குடிச்சீங்களா?” என்றேன்.

“சாப்பிடலை மாப்ளே, டீ மட்டும்தான் குடிச்சேன்” என்றார்.

ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு பத்து கிராம். பாலில் இருக்கும் சர்க்கரை தனி. குடித்த முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில்தான் அது ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். அவர் கையை நீட்டியது சரியாக அந்த நேரத்தில். சாப்பிட்டபின் பார்த்த சர்க்கரை என்றால் 148-ஐப் பார்த்து யாரும் பதறமாட்டார்கள். அதே எண்ணை வெறும் வயிற்றுக் கட்டத்தில் எழுதியதால் பொருளே மாறிவிட்டது. மருத்துவர் சொன்னபடி முறையாகப் பட்டினி இருந்து மறுபடி பார்த்தோம். 112 வந்தது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.4 இருந்தது. சேர்த்த மாத்திரையை அவரே நிறுத்திவிட்டார்.

டீ கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சர்க்கரை போடாத டீயானாலும் பால் இருக்கிறது. பால் இல்லாத கடுங்காப்பியானாலும் அதிலுள்ள காஃபின் சிலருக்குச் சர்க்கரையை ஏற்றும். ஆகவே டீ, காபி எதுவும் வேண்டாம்.

இன்னொரு குழப்பம் விரதம். நம் வீடுகளில் விரதம் என்றால் பால், பழம், இளநீர் எல்லாம் உண்டு. சிலர் அதற்கு நேர்மாறாகத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டுமே ஆகாது. பால், பழம், இளநீர், மோர் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இரவு பூராவும் தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களுக்கு நரம்பு சுருங்கிக் கிடக்கும். நாங்கள் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டிவரும். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் உங்களுக்கும் நல்லது, ஊசி பிடிக்கிறவருக்கும் நல்லது. ஆனால் அது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். வெந்தயத் தண்ணீர், சீரகத் தண்ணீர், நெல்லிச் சாறு, கஷாயம் எல்லாம் ரத்தம் கொடுத்த பிறகு.

வாய்க்குள் போவதில் வெற்றிலை பாக்கும் சேர்ந்ததுதான். வத்தலக்குண்டு வெற்றிலை கிடைக்கிற ஊர் நம் ஊர். எழுந்ததும் ஒரு வாய் போட்டால்தான் பெரியவர்களுக்குப் பொழுது விடியும். புகையிலை சேர்த்துப் போட்டாலும், பீடி சிகரெட் பிடித்தாலும், நிக்கோட்டின் உடம்பை உசுப்பிச் சர்க்கரையை ஏற்றிவிடும். அன்று ஒருநாள் ஊசி போட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள். பல் தேய்க்கலாம், வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் போதும்.

நடையும் வேண்டாம். நல்லதுதானே என்று ஆறு ரவுண்டு வேகமாக நடந்துவிட்டு வேர்வையோடு வந்து உட்காருவார்கள். நடை நல்லதுதான். ஆனால் அது எண்ணை ஏதாவது ஒரு பக்கம் நகர்த்திவிடும். ஞாயிறு மட்டும் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, மறுபடி ரத்தமும் கொடுத்த பிறகு நடக்கலாம். வந்ததும் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். சர்க்கரைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் பட்டினி வேண்டும். கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதால் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருப்பது நல்லது. கொழுப்புக்கு மட்டும் என்றால் சாப்பிட்டும் பார்க்கலாம் என்று 2016-இல் ஐரோப்பிய நிபுணர்கள் சொன்னார்கள். நம் முகாமில் ஒரே ஊசியில் இரண்டும் பார்ப்பதால் நமக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணிக் கணக்கே வசதி. இதை ஊசி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏழு மணிக்கு ரத்தம் என்றால், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் கை கழுவிவிட வேண்டும். எட்டரைக்கு முடித்தால் பத்தரை மணி நேரம் ஆகிறது, அதுவும் சரி.

இங்கேதான் சனிக்கிழமை இரவு நம் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. பதினோரு மணிக்குச் சீரகச் சம்பா பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வந்தால் எட்டு மணி நேரம் ஆகிவிட்டதே என்பார்கள். சர்க்கரைக்கு அது சரியாகப் போகலாம். கொழுப்புக்குப் போகாது. சாப்பாட்டிலிருந்து வந்த எண்ணெய், டிரைகிளிசரைடு என்ற பெயரில் அப்போதும் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். சிலருடைய ரத்தத்தைக் கருவியில் சுற்றித் தெளிய வைத்தால், மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், பால் கலந்தது போல் வெளுத்து நிற்கும். முந்தின இரவு என்ன நடந்தது என்று அந்தக் குழாயே சொல்லிவிடும்.

அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல்லைப் பல லேப்களில் நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃபிரீட்வால்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஒரு கணக்கால் கண்டுபிடிக்கிறார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். ஒருவருக்கு மொத்தம் 210, நல்லது 40, டிரைகிளிசரைடு 150 என்று வைத்துக்கொள்வோம். 150-இல் ஐந்தில் ஒன்று 30. 210-இலிருந்து 40-ம் 30-ம் போக எல்டிஎல் 140. அவரே இரவு நேரம் கழித்துப் பலமாகச் சாப்பிட்டு, டிரைகிளிசரைடு 300-க்கு ஏறியிருந்தால், கழிப்பது 60. எல்டிஎல் 110 என்று வரும். எல்லோருக்கும் இவ்வளவு ஏறாது. ஆனால் ஏறிவிட்டால், கெட்ட கொழுப்பு குறைந்துவிட்டது போலச் சீட்டில் தெரியும். மனிதர் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். உள்ளே இருப்பது 140-தான். அத்தானுக்கு இல்லாத ஏற்றத்தைக் காட்டிய சீட்டு, இவருக்கு இருப்பதை மறைத்துவிடுகிறது.

ஆகவே சனிக்கிழமை இரவு வழக்கமான சாப்பாடு, எட்டு எட்டரைக்குள். விசேஷமாகவும் வேண்டாம், எண் நன்றாக வரட்டும் என்று வேண்டுமென்றே பட்டினியும் வேண்டாம். மது அருந்துகிறவர்கள் குறைந்தது ஒருநாள் முன்பிருந்தே நிறுத்த வேண்டும். டிரைகிளிசரைடை அது நேராக ஏற்றும்.

பட்டினி அதிகமானாலும் தப்புதான். “எட்டரைக்குப் பிறகு கூட்டம் குறையும், அப்போது வரலாம், வயிறு காலியாகத்தானே இருக்கிறது” என்று யோசிக்காதீர்கள். பதினான்கு மணி நேரத்தைத் தாண்டினால், கல்லீரல் தன்னிடம் இருக்கும் சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும் வேலையே வேறு மாதிரி ஆகிவிடும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரும் ஆபத்தும் கூடும். அதனால் ஆறரைக்கே முதல் டோக்கன் அவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் ஏழு மணி முதல் வரலாம். எட்டு மணிக்குப் பிறகு யாரும் வர வேண்டாம். சீட்டு எழுதிக் கொஞ்சம் உட்காரவும் நேரம் வேண்டும்.

சீக்கிரம் வரச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. எடுத்த ரத்தம் குழாய்க்குள் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படியே வைத்தால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதற்குள் ஃபுளோரைடு மருந்து இருக்கிறது. ஆனால் அது முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் ரத்தத்தைச் சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிட்டபின் பார்க்கும் ரத்தத்துக்கும் நேரம்தான் முக்கியம். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம். கை கழுவியதிலிருந்து அல்ல. ஏழரைக்கு இட்லியை எடுத்தால் ஒன்பதரைக்கு இங்கே கை நீட்ட வேண்டும். அந்த நேரத்தைச் சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய் அரை இட்லியோடு நிறுத்தாதீர்கள். நாள்தோறும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். இடையில் வேறெதுவும் வேண்டாம்.

மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். சர்க்கரை மாத்திரையையும் காலை இன்சுலினையும் ரத்தம் கொடுக்கும் முன் எடுக்கவே கூடாது. சாப்பிடாத வயிற்றில் அது ஆபத்து. கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்துக் காலைச் சாப்பாட்டோடு எடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாக வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு போடலாம். தைராய்டு பரிசோதனையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் ரத்தம் கொடுத்த பிறகு அந்த மாத்திரையைப் போடுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு எண்ணை அது குழப்பும். இரவு இன்சுலின் போடுபவர்கள் மட்டும் சனிக்கிழமைக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் அளவைக் கேட்டுவிடுங்கள். அதை நான் சொல்லக் கூடாது.

காத்திருக்கும்போது வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, படபடவென்று வந்தாலோ, பரிசோதனையை மறந்துவிடுங்கள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். மேசையில் சர்க்கரை வைத்திருப்போம். ரத்தத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘ஏ’ பிளாக் தம்பி ஒருவர் வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட். “காலையில ஷிப்ட் முடிஞ்சு நேரா வரலாமாண்ணே?” என்றார். இரவு பூராவும் விழித்து வேலை பார்த்துவிட்டு, நடுவில் கேன்டீன் டீயும் இல்லாமல் வந்தாலும், அது தூங்கி எழுந்த வெறும் வயிறு ஆகாது. வார விடுமுறைக்கு அடுத்த நாள், இரவு தூங்கி எழுந்து, தனியாக ஒருநாள் கொடுப்பதே சரி. அவருக்கு அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ஒரு அம்மா, “மறந்துபோய் டீ குடிச்சிட்டா என்ன செய்யறது?” என்று கேட்டார். வாருங்கள், வந்து சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். எச்பிஏ1சிக்குப் பட்டினி தேவையில்லை, அதற்கு மட்டும் அன்று ரத்தம் எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றுச் சர்க்கரையை வேறொரு நாள் பார்க்கலாம். சொல்லாமல் கையை நீட்டுவதுதான் தப்பு. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஒருவர் உங்களுக்கு மருந்து எழுதப்போகிறார்.

செயலாளர் அனுமதியோடு குழுச் செய்தியை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்கள் போனுக்கு வரும்:

“இன்று இரவு 8.30-க்குள் வழக்கமான சாப்பாட்டை முடிக்கவும். அதன்பின் தண்ணீர் மட்டும். காலையில் டீ, காபி, பால், வெற்றிலை, புகை, நடை வேண்டாம். சர்க்கரை மருந்தைப் போடாமல் கையில் கொண்டுவரவும். மருந்து எடுப்பவர்கள், முதியவர்கள் 6.30-க்கு, மற்றவர்கள் 7 முதல் 8-க்குள் வரவும். கடைசியாக என்ன, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லவும்.”

அத்தான் இப்போதும் ஐந்து மணிக்கு எழுகிறார். பரிசோதனை நாளில் மட்டும் கடைக்காரரிடம், “இன்னைக்கு எட்டு மணிக்கு மேல வந்து குடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் டீ உண்டு. இரண்டாவது ரத்தமும் கொடுத்து முடித்தவர்களுக்கு இதே கூடத்தில், சூடாக.